ஆயிரம் ரூபாய் கட்டியும் பாக்கி கூடியது எப்படி? கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் வாசிப்போம்

(திரையில்: ஜூன் 15 தேதியிட்ட ஸ்டேட்மெண்ட். மேல் பெட்டியில் மொத்த பாக்கி ரூ.26,218)

வணக்கம். இந்த ஸ்டேட்மெண்ட் செல்வத்துடையது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 20ஆம் தேதி 20,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். மே 28ஆம் தேதி அவசரத்துக்கு ஏடிஎம்மில் கார்டைப் போட்டு 5,000 எடுத்தார். நடுவில் 1,000 ரூபாய் கட்டவும் செய்தார். அப்படிப் பார்த்தால் பாக்கி 24,000தானே இருக்க வேண்டும்? மிச்சம் 2,218 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? அதைத்தான் தேடப் போகிறோம்.

(திரையில்: முந்தைய ஸ்டேட்மெண்ட், மே 15)

முதலில் போன மாத ஸ்டேட்மெண்ட். டோட்டல் டியூ 20,000. மினிமம் டியூ 1,000. கடைசித் தேதி ஜூன் 4. அன்றைக்குள் 20,000ஐயும் கட்டியிருந்தால் ஃபிரிட்ஜுக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. செல்வம் மினிமம் டியூவை மட்டும் கட்டினார்.

மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, தவணை தவறியவர் என்ற பெயரும் வராது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். வட்டியை அது தடுக்காது. "குறைந்தபட்சம் இதைக் கட்டினால் போதும்" என்று நினைக்க வைக்கிற அந்தப் பெயரைத்தான் நான் குறை சொல்வேன். இதைப் பற்றிய எச்சரிக்கை வரி ஸ்டேட்மெண்டிலேயே இருக்கும், பொடி எழுத்தில்.

(திரையில்: ஃபைனான்ஸ் சார்ஜ் வரி மஞ்சளில்)

சரி, இப்போது ஃபைனான்ஸ் சார்ஜ். இதுதான் வட்டி. இந்தக் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. உங்கள் கார்டின் விகிதம் ஸ்டேட்மெண்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஜூன் 4க்குப் பிறகுதான் வட்டி ஓடும் என்று நினைக்கிறோம். இல்லை. முழுப் பணமும் கட்டவில்லை என்றால், பொருள் வாங்கிய ஏப்ரல் 20ஆம் தேதிக்கே வட்டி பின்னோக்கிப் போய்விடும். ஜூன் 4 வரை 45 நாள், 20,000க்கு வட்டி 1,036 ரூபாய். அதன்பின் 11 நாள், மீதி 19,000க்கு 240 ரூபாய். ஆக 1,276. அவர் கட்டிய ஆயிரத்தை விட இதுவே அதிகம்! இன்னொன்று, பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நாளைக்குக் காய்கறி வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டிதான்.

(திரையில்: கேஷ் அட்வான்ஸ், இரண்டு வரிகள்)

அடுத்து, ஏடிஎம்மில் எடுத்த 5,000. இதற்குக் கீழேயே கேஷ் அட்வான்ஸ் ஃபீ என்று 500 ரூபாய் நிற்கிறது. இந்தக் கார்டில் எடுத்த பணத்தில் 2.5 சதவீதம் அல்லது 500, இதில் எது அதிகமோ அது. 2.5 சதவீதம் என்றால் 125தான் வரும். அதனால் 500 விழுந்திருக்கிறது. இதற்கு மேல் வட்டி வேறு. ரொக்கத்துக்கு வட்டியில்லா நாள் என்பதே கிடையாது, எடுத்த அன்றே மீட்டர் ஓட ஆரம்பிக்கும். 18 நாளுக்கு 104 ரூபாய். கார்டில் எதை மறந்தாலும் பரவாயில்லை, ஏடிஎம் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்பேன்.

(திரையில்: ஜிஎஸ்டி வரி)

கடைசியாக வரி. ஃபிரிட்ஜுக்கான ஜிஎஸ்டியைக் கடையிலேயே கொடுத்தாகிவிட்டது. இது வேறு. வங்கி வசூலிக்கும் கட்டணத்துக்கு 18 சதவீதம். சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு உண்டு. ஆகவே வட்டி 1,380, ஃபீ 500, இரண்டும் சேர்ந்து 1,880. அதற்கு 18 சதவீதம் 338. சில ஸ்டேட்மெண்டில் இது 9, 9 என்று இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். 1,880ம் 338ம் கூட்டினால் 2,218. நாம் தேடிய தொகை இதுதான்.

உங்கள் ஸ்டேட்மெண்டில் இதைச் சோதிக்க எளிய வழி, ஜிஎஸ்டி தொகையை 0.18ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண், வட்டியும் ஃபீயும் சேர்ந்த தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பெரிதாக இடித்தால், கண்ணில் படாத ஏதோ ஒரு கட்டணம் உள்ளே இருக்கிறது.

(திரையில்: ஜூலை 5)

சரி, செல்வம் ஜூலை 5ஆம் தேதி 26,218ஐயும் கட்டிவிடுகிறார். அப்புறமும் அடுத்த ஸ்டேட்மெண்டில் ஏறக்குறைய 550 ரூபாய் வட்டியும் அதன்மேல் ஜிஎஸ்டியும் வரும். தவறு ஒன்றும் இல்லை. ஜூன் 15க்கும் ஜூலை 5க்கும் நடுவில் ஓடிய 20 நாள் வட்டி அது. ஸ்டேட்மெண்ட் வந்த அன்றே கட்டியிருந்தால், அதில் பெரும்பகுதி மிச்சம்.