முதலில் கடைசிப் பத்தியைப் படியுங்கள்

(காரைக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிவில் மேல்முறையீட்டு எண் 6659/2011. நீதிபதிகள் எஸ். அப்துல் நசீர், கிருஷ்ண முராரி. வழக்கு நம் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்தைப் பற்றியது. ‘1956-க்கு முன்பே இறந்துபோன அப்பாவின் சொத்திலும் மகளுக்கு உரிமை’ என்று செய்தி பரவியது. நம் பக்கத்தில் பெரிய வீடுகளில் பங்குத் தகராறு இல்லாத ஊரே கிடையாது என்பதால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பலரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஆனால், அந்த வழக்கைப் போட்ட பெண்மணி சொத்துக்காரரின் மகளே அல்ல. சொத்துக்காரரின் சகோதரருடைய மகள். செய்தி வரியை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது. தீர்ப்பைப் படித்தவருக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு இந்த ஒரு தீர்ப்பையே எடுத்துக்கொண்டு, ஒரு தீர்ப்பை எப்படிப் படிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்குவேன். கடைசிப் பத்திகளில் உத்தரவு இருக்கும். இந்தத் தீர்ப்பில் அது சில வரிகள்தான். மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது, விசாரணை நீதிமன்றத்தின் 1.3.1994 தீர்ப்பும், அதை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றத்தின் 21.1.2009 தீர்ப்பும் ரத்து. வாதியின் வழக்குக்குத் தீர்ப்பாணை வழங்கப்படுகிறது. கீழே இரண்டு இடத்திலும் தோற்றவர் மேலே ஜெயித்திருக்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. இனி மேலே போய்ப் படிக்கும்போது, கீழ் நீதிமன்றங்கள் சொன்ன முடிவு நிற்காது என்ற நினைவோடு படிக்கலாம். முடிவு தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து படிப்பவர், உயர் நீதிமன்றம் சொன்னதை நன்றாக அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார். பிறகு அது ரத்தானது என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும்.

அடுத்து சங்கதிகள். ஒரு தாளை எடுத்து வம்சாவளி போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவர், கூட்டுக் குடும்பம். அவர்களில் ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் ஒரு சொத்தை வாங்குகிறார். அவருக்கு ஒரே மகள். உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அந்த மகளும் 1967-இல் குழந்தை இல்லாமல் இறந்துவிடுகிறார். மற்றச் சகோதரருக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். அந்த நால்வரில் ஒருவர்தான் வாதி. ‘எங்கள் அப்பாவின் சகோதரருடைய சொத்து எங்கள் ஐந்து பேருக்கும் வரவேண்டியது, எனக்கு ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள்’ என்பது அவர் வழக்கு. ஆண்பிள்ளையின் வாரிசுகள், ‘முழுச் சொத்தும் எங்கள் அப்பாவுக்கே வந்தது’ என்றார்கள்.

சங்கதிகளைப் படிக்கும்போது எது ஒப்புக்கொண்டது, எது தகராறு என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே தகராறாக இருந்தது ஏலம் எடுத்தவர் இறந்த தேதி. 1957 என்றார் வாதி. 1949 என்றார்கள் பிரதிவாதிகள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூனில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பா பின்பா என்பதில்தான் இரு தரப்பும் முட்டிக்கொண்டன. விசாரணை நீதிமன்றம் 1949 என்று முடிவுகட்டி, அப்போது உயிரோடு இருந்த சகோதரர் மகனுக்கே எஞ்சியோர் உரிமைப்படி சொத்து போயிற்று என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. எஞ்சியோர் உரிமை என்றால், கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்ததும் அவருடைய பங்கு வாரிசுக்குப் போகாமல், மிச்சமிருக்கும் ஆண் பங்காளிகளுக்குள் அடங்கிவிடும் என்ற பழைய ஏற்பாடு.

இப்போது எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. இதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை, 4-ஆம் விதிப்படி, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் வழக்கின் சுருக்கம், முடிவுசெய்ய வேண்டிய பிரச்சினைகள், அவற்றின் மீதான முடிவு, அதற்கான காரணங்கள் நான்கும் இருக்க வேண்டும். அதனால் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ வாங்கும் தீர்ப்பு நகலில் எழுவினாக்கள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டே இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அப்படி வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; தேடித்தான் பிடிக்க வேண்டும். அதோடு, கீழே கேட்கப்பட்ட கேள்வியும் மேலே கேட்கப்படும் கேள்வியும் ஒன்றாகவே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது.

இந்த வழக்கில் கேள்வியே மாறியது. எப்போது இறந்தார் என்பதை விட்டுவிட்டு, சொத்து எப்படிப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஏலத்தில் வாங்கியது குடும்பச் சொத்தா, அவர் தாமே சம்பாதித்த சுயார்ஜிதமா? சுயார்ஜிதம் என்றால், உயில் இல்லாமல் இறந்தவரின் ஒரே மகளுக்கு அது வாரிசுமுறையில் வருமா? மகளுக்கு வந்தது என்றால், அவர் இறந்த பிறகு யாருக்குப் போகும்? இந்தக் கடைசிக் கேள்வி செய்தியில் வரவே இல்லை. வாதி ஜெயித்ததோ அந்தக் கேள்வியில்தான்.

காரணங்கள் பகுதி நீளமானது. மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட நூல், மற்றச் சாஸ்திர நூல்கள், முந்தைய தீர்ப்புகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பத்தியிலும் பேசுவது யார் என்று மட்டும் கேளுங்கள். ‘சப்மிட்டட்’, ‘கன்டென்டட்’ என்று வந்தால் பேசுவது வக்கீல். அதை நீதிமன்றம் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே தள்ளி அச்சிட்டிருந்தால் அது வேறொரு தீர்ப்பிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்த மேற்கோள். மேற்கோள் முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று வரிகளில்தான் நீதிபதி அதை ஏற்கிறாரா, வேறுபடுத்துகிறாரா என்பது இருக்கும். அந்த வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டும் பழைய வழக்குகளில் ஒன்று நம் ஊருக்கு மிகவும் பக்கம். சிவகங்கை ஜமீன் வழக்கு. கௌரி வல்லபர் 1829-இல் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். ஜமீன் சகோதரர் வழிக்குப் போனது. மகள் காத்தம நாச்சியார் நீண்ட காலம் வழக்காடி, 1863-இல், அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார். குடும்பம் பிரியாமல் கூட்டாகவே இருந்தாலும், ஒருவர் தனியாகச் சம்பாதித்த சொத்து அவருடைய வாரிசுக்குத்தான் போகும், எஞ்சியோர் உரிமையில் சேராது என்பது அங்கே வகுக்கப்பட்ட விதி. சங்கதிகள் எப்படிப் பொருந்துகின்றன பாருங்கள். அங்கும் இங்கும் சுயார்ஜிதம், அங்கும் இங்கும் மகள், அங்கும் இங்கும் எதிரில் நிற்பது சகோதரர் வழி ஆண்பிள்ளை. சங்கதி பொருந்துவதால்தான் அத்தனை பழைய தீர்ப்பு 2022-இல் கைகொடுக்கிறது.

அதிலிருந்து உச்ச நீதிமன்றம் இரண்டு படி ஏறுகிறது. முதல் படி: சொத்து சுயார்ஜிதம் என்பதால், அவர் 1949-இலேயே இறந்தார் என்று வைத்துக்கொண்டாலும், அது மகளுக்கே வரும். ஆக, இறந்த தேதிச் சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இரண்டாம் படி: மகள் இறந்தது 1967. அப்போது வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதன் 15(2)(அ) பிரிவு, ஒரு பெண்ணுக்குத் தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, அவருக்குப் பிள்ளை வழி இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குப் போகும் என்கிறது. தந்தையின் வாரிசுகள் என்று தேடினால் சகோதரரின் பிள்ளைகள் ஐந்து பேர். ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. வாதி கேட்ட பங்கு கிடைத்துவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய், சம்பாதித்து வந்து கட்டிய வீடு. 1950-இல் உயில் இல்லாமல் காலமாகிவிட்டார். ஒரே மகள் வழியில் வந்தவர் இந்தத் தீர்ப்பைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அவருக்கு உதவுமா? அதற்கு விடை தீர்ப்பில் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொத்து ‘அட்மிட்டட்லி’ சுயார்ஜிதம் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கதி. நிரூபிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நம் வீட்டில் அப்படி இருக்காது. ‘கடைக்கு முதல் போட்டது குடும்பப் பணம், அதில் வந்த லாபத்தில் கட்டியது’ என்று பங்காளி தரப்பு சொல்லும். பழைய கணக்கேடு, கடிதம், கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் வைத்துச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமைக்கு இந்தத் தீர்ப்பு ஒத்தாசை செய்யாது. பூர்வீகச் சொத்து என்று முடிவாகிவிட்டால், இந்தத் தீர்ப்பின் முதல் படியே ஏற முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தருவது வேறு சட்டம், 2005 திருத்தம். அது வேறு தீர்ப்புகளின் பேச்சு. உயில் இருந்தால் அப்போதும் இது பொருந்தாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. தாராளமாகப் படியுங்கள். ஆனால், மொழிபெயர்ப்பு படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, நிறைவேற்றலுக்கு ஆங்கில மூலமே செல்லும் என்று அதிலேயே குறிப்பு இருக்கும். அதனால் உத்தரவுப் பத்தியையும் நீங்கள் கோடு போட்ட வரிகளையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மறுபடி உத்தரவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் இல்லாததையும் படிக்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்று தீர்ப்பானால், எந்த அறை யாருக்கு என்று அதில் இருக்காது. பொதுவாக முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பாணை. பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கை நடக்க வேண்டும். வழக்கறிஞர் ஆணையர் வந்து முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அளந்து அறிக்கை தருவார். ஆட்சேபணை இருந்தால் கேட்பார்கள். நியாயமாகப் பிரிக்கவே முடியாத கட்டடம் என்றால், பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இதெல்லாம் முடிந்து, முத்திரைத்தாளில் இறுதித் தீர்ப்பாணை எழுதி வாங்கிய பிறகுதான் சுவாதீனம் கேட்டு நிறைவேற்று மனுப்போட முடியும்.