பாறைக்கிடையில் ஒரு கால்

முதலில் ஒரு சின்னக் கதை. குறிப்பு எடுக்க வேண்டாம், காதால் கேட்டால் போதும்.

வேகமாக ஓடும் ஆற்றில் ஒரு சிறுவன் நீந்திக்கொண்டிருக்கிறான். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் அவன் கால் மாட்டிக்கொள்கிறது. திமிறிப் பார்க்கிறான், முடியவில்லை. கடவுளை வேண்டத் தொடங்குகிறான். அந்த நேரத்தில் கடவுள் உலகின் வேறொரு மூலையில் இன்னொருவரின் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார். சற்று நேரத்தில் கடவுள் ஒரு பாறையைத் தள்ளிவிடுகிறார். சிறுவன் காலை விடுவித்துக்கொண்டு கரையேறி, அசதியில் விழுகிறான்.

சரி, இப்போது கேள்வி. "கடவுள் அந்த இன்னொரு வேலையை முடித்துவிட்டுத்தான் சிறுவனுக்கு உதவினார்" என்று கதையில் வந்ததா? வந்தது என்பவர்கள் கை தூக்குங்கள். நிறையக் கைகள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கலாம். 'முடித்துவிட்டு' என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது.

வெட்கப்பட வேண்டாம். 1996-இல் ஜஸ்டின் பாரெட், ஃபிராங்க் கீல் என்ற இரு உளவியலாளர்கள் இந்த மாதிரிக் கதைகளை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. கடவுளைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த மாணவர்கள் பாடம் ஒப்பிப்பதுபோல் பதில் சொன்னார்கள்: அவர் எங்கும் இருக்கிறார், மனத்தில் நினைப்பதை அறிவார், எத்தனை காரியங்களையும் ஒருசேரச் செய்வார். ஆனால் கதையை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், அதே கடவுள் ஓர் இடத்தில் மட்டும் இருந்தார், ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததற்கு வந்தார். கிட்டத்தட்ட நம் தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி.

ஞாபகமறதிதானே என்று தோன்றும். அதைத் தெரிந்துகொள்ள, கடவுளோடு தொடர்பில்லாத விவரங்களையும் கேட்டார்கள். அவற்றில் பிழை குறைவு. அப்புறம் கடவுளுக்குப் பதிலாக, எங்கும் உணர்கருவிகள் உள்ள ஒரு கற்பனைக் கணினியை வைத்துப் பார்த்தார்கள். அது ஒரே நேரத்தில் பல வேலை செய்வதை மாணவர்கள் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, கோளாறு நினைவில் இல்லை. 'ஆள்' என்று வந்தவுடன் மனம் மனிதருக்கான அச்சை எடுத்துவிடுகிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதோ என்ற சந்தேகம் பாரெட்டுக்கும் இருந்தது. வட இந்தியாவில் விஷ்ணு, சிவன், கிருஷ்ணன், பிரம்மம் ஆகியோரை வைத்துச் செய்து 1998-இல் வெளியிட்டார். அங்கும் அதே போக்கு. உருவமற்றது என்று நூல்கள் சொல்லும் பிரம்மம்கூடக் கதைக்குள் வந்ததும் ஓர் ஆளாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

ஏன் இப்படி? அடுத்தவர் என்ன நினைக்கிறார், எதை விரும்புகிறார் என்று ஊகிப்பதை மூன்று நான்கு வயதிலிருந்தே நாம் ஓயாமல் செய்கிறோம். அவர் எதிரில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஹாஸ்டலில் இருந்துகொண்டே "அம்மா இப்போது கோபமாக இருப்பாள்" என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அதே வேலைதான். 2004-இல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் ஜோர்க்லண்ட் ஆகியோர் முதலை எலியை விழுங்கும் பொம்மலாட்டம் ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். செத்த எலி இனிச் சாப்பிட வேண்டுமா என்றால் வேண்டாம் என்றவர்களில் பலர், அது இன்னும் அம்மாவை நேசிக்கிறதா என்றால் ஆமாம் என்றார்கள். உடல் நின்றுபோவது புரிகிறது. மனம் நின்றுபோவதைக் கற்பனை செய்வதுதான் கடினம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மனம் நம்மைக் கவனிக்கிறது என்ற எண்ணம் எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

ஒரு காரணம், அவ்வளவுதான். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பிறப்பவர்களுக்கும் இதே மனம்தான். அங்கே கடவுள் நம்பிக்கை குறைவு. பெரியவர்கள் விரதமிருந்து, நடைப்பயணம் போய், காசு செலவழித்து நம்பிக்கையைச் செய்து காட்டும் வீட்டில் வளர்வது தனிக் கதை. ஊகிக்கும் மனத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கும் இந்தச் சோதனையில் விடை இல்லை. அம்மாவை மனத்தில் நினைக்க ஒரு பொறி இருப்பதால் அம்மா பொய்யாகிவிட மாட்டாள்.

இன்னொன்று, சோதனையிலேயே ஓர் ஓட்டை. "சற்று நேரத்தில்" என்றேன் அல்லவா? கதையே வரிசையைக் காட்டிக் கொடுக்கிறது. கேட்பவர் 'முடித்துவிட்டு' என்று நிரப்பினால், அது கடவுளைப் பற்றிய அவரது எண்ணமா, கதை கேட்கும் பழக்கமா? இரண்டையும் பிரிப்பது லேசில்லை. இன்றிரவு அறைத்தோழர்கள் சிலரிடம் அந்த இரண்டு சொற்களோடும், வேறு சிலரிடம் அவை இல்லாமலும் கதையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் 'முடித்துவிட்டு' என்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கலாம்.