பெட்டி வராவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி டொராண்டோ போனேன். அந்தப் பயணத்தை மதிப்பிட்டுச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சென்னையிலேயே இரண்டு மணி நேரம் தாமதம். எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானமே தாமதமாகத்தான் வந்து இறங்கியது. அது யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் அறிவிப்புப் பலகையில் பழைய நேரத்தையே விட்டுவைத்திருந்தார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் விமானத்தில் ஒரு பணிப்பெண் செய்ததைப் பாராட்ட வேண்டும். அடுத்த விமானத்துக்கு அவசரமாக ஓட வேண்டியவர்கள் யார் யார் என்று கேட்டறிந்து, தரையிறங்குமுன் எங்களை முன்வரிசைகளுக்கு மாற்றி உட்கார வைத்தார். அதனால்தான் இரண்டாவது விமானத்தைப் பிடித்தோம். அந்த விமானத்திலோ, பக்கத்தில் இருந்த வயதான அம்மா வெந்நீர் கேட்டு அழைப்பு விளக்கைப் போட்டும் நெடுநேரம் யாரும் வரவில்லை. நானே எழுந்துபோய் வாங்கி வந்தேன்.

அந்த இரண்டாவது விமானம் போயிங் 777. ஒரு வரிசையில் ஒன்பது இருக்கைகள் இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். இப்போது பல நிறுவனங்கள் பத்து போடுவதால் அது 17 அங்குலம் அளவுக்குக் குறுகிவிட்டது. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரும்போது அந்த ஓர் அங்குலம் தோளில் தெரிகிறது. டிக்கெட் எடுக்குமுன் இருக்கை வரைபடத்தில் 3-4-3 என்றிருக்கிறதா, 3-3-3 என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

டொராண்டோவில் என் பெட்டி வரவில்லை. நாம் ஓடிப் பிடித்துவிடலாம். பெட்டியை இறக்கி, பிரித்து, அடுத்த விமானத்துக்குக் கொண்டுபோய் ஏற்றுவதற்குள் அதன் சரக்குக் கதவை மூடிவிடுவார்கள். கவுண்டரில் இருந்தவர், "நாளைக்கு போன் பண்ணுங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பி வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும்போதே பி.ஐ.ஆர். என்ற புகார்ப் பதிவைப் போடச் சொல்லி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் பெட்டிச் சீட்டு அதற்குத் தேவை. அதில் பெட்டி போய்ச்சேர வேண்டிய ஊரின் குறியீடு இருக்கும். டொராண்டோ பியர்சன் என்றால் ஒய் ஒய் இசட். அதைச் சென்னையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

பெட்டி வரும்வரை வாங்கும் துணிமணி, பல்துலக்கும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்திருங்கள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி தாமதமாக வந்தால் அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். கவுண்டரில் போட்ட பதிவே போதும் என்று இருந்துவிடாமல், ரசீதுகளோடு தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள்.

என் பெட்டி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது, ஒரு சக்கரம் உடைந்து. உடைசலுக்குக் கெடு இன்னும் குறைவு, கிடைத்த நாளிலிருந்து 7 நாள்தான். கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே படம் எடுத்து, அன்றைக்கே புகாரை அனுப்பினேன். நன்றி, வணக்கம்.