நடக்காத ஒன்றுக்கு எத்தனை மில்லி வினாடி?

எல்லோருக்கும் வணக்கம். கிரிக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைப் பார்த்து, மட்டையைத் தூக்கி விட்டுவிடுகிறார் ஒரு பேட்ஸ்மேன். இன்னொருவர் பந்தைத் தட்டிவிட்டு ரன்னுக்காக ஓடத் தொடங்கிவிட்டார், எதிர்முனையிலிருந்து "நோ!" என்று சத்தம் வருகிறது, சட்டென்று நிற்கிறார். இரண்டையுமே நாம் 'கட்டுப்பாடு' என்கிறோம். ஆனால் முதலாமவர் எதையும் தொடங்கவே இல்லை. இரண்டாமவர் தொடங்கியதை நிறுத்தினார்.

உளவியல் ஆய்வகத்தில் முதல் வகையைப் பார்ப்பதற்குக் கோ/நோ-கோ சோதனை, இரண்டாவதைப் பார்ப்பதற்கு ஸ்டாப்-சிக்னல் சோதனை. கோ/நோ-கோ எளிது. திரையில் எழுத்துகள் வரும், எது வந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும், X வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது. நூற்றில் எழுபத்தைந்து, எண்பது தடவை அழுத்தும்படியே வருவதால் விரல் பழகிவிடும். X வரும்போது அடக்குவது சிரமமாகும். எத்தனை முறை தவறி அழுத்தினார் என்று எண்ணுவோம். அவ்வளவுதான் கிடைக்கும். அவர் அடக்கிக்கொண்டபோது, அந்த அடக்கம் எவ்வளவு வேகமாக வந்தது? அதற்கு இந்தச் சோதனையில் வழி இல்லை. அழுத்தினால் கணினியில் நேரம் பதிவாகும். அழுத்தாமல் இருந்ததற்கு என்ன பதிவாகும்?

இந்தச் சிக்கலுக்கு 1984இல் கார்டன் லோகனும் வில்லியம் கோவனும் ஒரு வழி சொன்னார்கள். அதைக் குதிரைப் பந்தய மாதிரி என்பார்கள். ஸ்டாப்-சிக்னல் சோதனையில் ஒவ்வொரு முறையும் ஓர் அம்பு வரும். இடது என்றால் இடப் பொத்தான், வலது என்றால் வலப் பொத்தான். நாலில் ஒரு முறை, அம்பு வந்து சற்று நேரம் கழித்து ஒரு பீப் ஒலி கேட்கும். கேட்டால் அழுத்தக் கூடாது. மூளைக்குள் இரண்டு குதிரைகள் ஓடுகின்றன என்று வையுங்கள். 'அழுத்து' என்ற குதிரை அம்பு வந்த கணத்திலேயே கிளம்பிவிட்டது. 'நிறுத்து' என்ற குதிரை பீப் கேட்ட பிறகுதான் கிளம்புகிறது. எது முதலில் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் நடக்கும்.

அம்புக்கும் பீப்புக்கும் உள்ள இடைவெளி நம் கையில் இருக்கிறது. பீப் சீக்கிரம் வந்தால் நிறுத்துவது சுலபம், தாமதமாக வந்தால் கஷ்டம். ஆகவே ஒரு படிக்கட்டு முறை வைப்போம். வெற்றிகரமாக நின்றுவிட்டால் அடுத்த பீப்பை 50 மில்லி வினாடி தள்ளிப் போடு. நிற்கத் தவறினால் 50 முன்னால் கொண்டு வா. இப்படி ஏறி இறங்கி, அந்த ஆள் பாதி முறை நிற்பார், பாதி முறை தவறுவார் என்ற இடத்தில் போய் அமரும். அங்கே இரண்டு குதிரைகளும் சரிசமமாக ஓடுகின்றன. 'அழுத்து' குதிரை எப்போது வரும் என்பது நமக்குத் தெரியும், பீப் இல்லாத முறைகளில் அளந்துவிட்டோம். 'நிறுத்து' குதிரை எப்போது கிளம்பியது என்பதும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குதிரை ஓடிய நேரம் கழித்தலில் வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். எண்கள் நான் வைத்தவை. ஒருவருக்கு 200 முறை. 150இல் பீப் இல்லை, 50இல் உண்டு. பீப் வந்தும் 24 முறை அழுத்திவிட்டார், அதாவது 48 சதவீதம். பீப் இல்லாத 150 நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 150இல் 48 சதவீதம் 72. எழுபத்திரண்டாவது இடத்தில் 510 மில்லி வினாடி இருக்கிறது. பீப்பின் சராசரி இடைவெளி 280. கழித்தால் 230 மில்லி வினாடி. அதுதான் அவருடைய நிறுத்தும் நேரம், ஆய்வுகளில் எஸ்.எஸ்.ஆர்.டி. என்பார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 200 முதல் 250 வரை வருவது சாதாரணம். இங்கே சராசரியை எடுத்துக் கழிக்காமல் எழுபத்திரண்டாவதைத் தேடியது ஏன் என்று கேட்கலாம். அழுத்தும் நேரங்களில் எப்போதும் சில மிக மெதுவானவை இருக்கும், அவை சராசரியை மேலே இழுத்துவிடும். பீப் இல்லாதபோதும் அம்புக்கு அழுத்தாமல் விட்ட முறைகளையும் தூக்கி எறியக் கூடாது. அந்த ஆளின் மிக மெதுவான நேரத்தை அவற்றுக்குக் கொடுத்து வரிசையில் சேர்க்க வேண்டும். 2019இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது.

இந்த 230ஐ நம்பலாமா? அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பீப் வந்தும் அழுத்திவிட்ட அந்த 24 முறைகளின் சராசரியைப் பாருங்கள். பந்தயம் உண்மையென்றால், வேகமாக ஓடிய 'அழுத்து' குதிரைகள்தானே தப்பித்திருக்கும்? எனவே அது பீப் இல்லாத முறைகளின் சராசரியைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். 545க்கு எதிரே 460 என்று வந்தால் நிம்மதி. 600 என்று வந்தால் எஸ்.எஸ்.ஆர்.டி.யைக் கணக்கிடவே வேண்டாம், வேறு ஏதோ நடந்திருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது தந்திரம். பீப் வருமென்று தெரிந்ததும் ஆட்கள் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். நான் முதன்முதலில் மாணவர்களை உட்காரவைத்துச் செய்தபோது, ஒரு பையன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் தரவைப் பார்த்தால், ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வினாடிக்கு மேல் சும்மா இருந்திருக்கிறான். "காத்திருக்காதே, தவறுவது இயல்புதான், பாதி முறை தவறத்தான் செய்வாய்" என்று முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. சோதனை போகப் போக மெல்ல மெல்ல மெதுவாகிறவர்கள் இன்னும் ஆபத்து. மொத்தத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டால் அவர்களுடைய நிறுத்தும் நேரம் உண்மையைவிடக் குறைவாக வந்துவிடும்.

இன்னொன்று, பீப்பையே கவனிக்காமல் விடுவது. 'நிறுத்து' குதிரை கிளம்பவே இல்லை, நாமோ அது மெதுவாக ஓடியது என்று எழுதிவிடுகிறோம். கவனக்குறைவு-மிகைச்செயல்பாடு உள்ள குழந்தைகளுக்கு எஸ்.எஸ்.ஆர்.டி. அதிகம் என்று வெகுகாலம் சொல்லி வந்தோம். 2019இல் வந்த ஓர் ஆய்வு, அந்த நேரம் நீள்வதற்குக் காரணம் நிறுத்தும் வேகத்தைவிட இந்தக் கவனத் தவறல்களே என்று காட்டியது. சிகிச்சையை யோசிக்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

பெரிய இடத்திலும் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒன்பது, பத்து வயதிலிருந்து பின்தொடரும் ஏ.பி.சி.டி. ஆய்வில் இந்தச் சோதனையும் உண்டு. அங்கே பீப்புக்குப் பதில், பக்கவாட்டு அம்பு மறைந்து அதே இடத்தில் மேல்நோக்கிய அம்பு வரும். பார்க்க ஒன்றும் தப்பாகத் தெரியாது. ஆனால் இடைவெளி 50 மில்லி வினாடி என்றால், குழந்தை முதல் அம்பைப் பார்த்ததே அந்த 50 மில்லி வினாடிதான். இடைவெளி பூச்சியமானால் அந்த அம்பு திரைக்கு வரவே இல்லை. 'அழுத்து' குதிரை மற்ற முறைகளில் ஓடுவதைப் போலவே நிறுத்தும் முறைகளிலும் ஓடுகிறது என்பதுதான் நம் கழித்தலுக்கே அடிப்படை; இங்கே அதன் காலைக் கட்டிவிட்டார்கள். பிசெட்டும் அவருடைய சகாக்களும் 2021இல் இதை வெளியிட்டார்கள். அம்பை அப்படியே விட்டுவைத்து, நிறுத்தும் குறியை அதைச் சுற்றியோ ஒலியாகவோ கொடுத்திருந்தால் போதும்.

நாளை ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் முதலில் ஹெட்போனில் ஒலி அளவைப் பாருங்கள். பிறகு அம்பு திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். இனி உங்கள் கேள்விகள்.