மெழுகு எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். அருங்காட்சியகத்தில் குடும்பங்கள் நின்று பார்க்கும் ஒரு குறும்படத்துக்கு உரை எப்படி எழுதுவது என்று இன்று பார்ப்போம். மெழுகு வார்ப்பில் வெண்கலச் சிலை செய்யும் தொழிலை எடுத்துக்கொள்வோம். படம் 3 நிமிடம்.

முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் நைசான வண்டல் மண் ஒரு பூச்சு. நகம், நகை வேலைப்பாடெல்லாம் பதிவது இந்தப் பூச்சில்தான். பிறகு கனமான மண். இந்த மண் கூடுதான் அச்சு. காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு துளை வழியே ஓடிவிடும். அந்த இடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள்.

இதில் பிள்ளைகளுக்குப் பிடிபடாத இடம் ஒன்றுதான்: மெழுகு போனபின் உள்ளே இருக்கும் காலியிடம். அது கண்ணுக்குத் தெரியாது. 'மெழுகுச் சிலை வெண்கலச் சிலையாக மாறுகிறது' என்று எழுதிவிட்டால், மெழுகே உலோகமாகிவிட்டதாகப் பிள்ளை நம்பிவிடும். அழகான வாக்கியம்தான், ஆனால் தப்பான வாக்கியம்.

அதனால் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: 'சின்ன அச்சு ஒன்று கூடுதலாகச் செய்து, மெழுகு வடிந்தபின் குறுக்கே அறுத்துக் காட்டவும்.' பிற்பாடு கேட்டால் கிடைக்காது. அந்தக் காட்சிக்குக் குரல் இவ்வளவு போதும்: 'மெழுகு ஓடிப்போச்சு. அது இருந்த இடம் அப்படியே இருக்கு.' பிறகு 5 நொடி மௌனம். அடுத்து தராசு. அதே உருவத்துக்கு, மெழுகைவிட வெண்கலம் ஏறத்தாழ 9 மடங்கு எடை. இரண்டையும் தட்டுகளில் வைத்துவிட்டால் பேச்சே தேவையில்லை.

அச்சை ஏன் அவ்வளவு சூடாக்குகிறார்கள் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். மண்ணில் ஈரம் மிஞ்சினால், 1000 டிகிரியைத் தாண்டிய உலோகம் பட்டதும் ஆவி கிளம்பித் தெறிக்கும். அச்சு ஆறியிருந்தாலோ, உலோகம் விரல்நுனி வரை போய்ச் சேருமுன் உறைந்துவிடும். விரல் இல்லாத கையைக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 சொல் போகும். 3 நிமிடத்துக்கு 270 என்று கணக்குப் போட்டு நிரப்பாதீர்கள், 180 போதும். அடுப்பும் உளியும் பேச இடம் வேண்டும்.

படம் சுழன்று ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் வருகிறவர்தான் அதிகம். 'முன்பு பார்த்தபடி' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. திரை ஓரத்தில் மெழுகு, மண், காலியிடம், வெண்கலம் என்ற 4 சொற்களை நிறுத்தி, நடக்கும் கட்டத்தை மட்டும் ஒளிரவிடுங்கள்.

எழுதியதைக் கைவினைஞரிடம் படித்துக் காட்டுங்கள்; வரிசை பிசகியிருந்தால் அவர்தான் பிடிப்பார். பிறகு எட்டு வயதுப் பிள்ளையிடம் படத்தின் முதல் தொகுப்பைக் காட்டி, மெழுகு எங்கே போனது என்று கேளுங்கள். 'வெண்கலமாயிடுச்சு' என்று பதில் வந்தால், அறுத்த அச்சுக் காட்சியை இன்னும் 10 நொடி நீட்ட வேண்டும்.