நன்கொடை உறுதியில் வெற்றாக இருந்த ஒரு கோடு

வணக்கம் நேயர்களே. வவுனியாப் பக்கத்தில் நொத்தாரிசாகவும் சட்டத்தரணியாகவும் வேலை செய்கிறவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது. “ஐயா, எனக்கு நன்கொடை உறுதி எழுதித் தந்தவை. இப்ப அந்தக் காணியில வேற ஆள் நிக்குது. காணி என்னுடையதுதானே?” இதற்கு ஒரு சொல்லில் விடை சொல்ல முடியாது. அதனால் ஒரு கதையாகவே சொல்கிறேன். ஆட்கள் கற்பனை, சட்டம் உண்மை.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு பெரியம்மா. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தாய்வழி முதுசமாக வந்த மூன்று ஏக்கர் வயல் அவர் பெயரில் இருக்கிறது. 2014இல் அந்த வயலைத் தங்கச்சியின் மகனுக்கு நன்கொடையாக எழுதினார். தான் இருக்கும்வரை விளைச்சலைத் தானே எடுப்பதாகச் சீவிய உருத்தையும் வைத்துக்கொண்டார். மகன் அப்போது கட்டாரில் வேலையில் இருந்தான். உறுதியின் கடைசிப் பக்கத்தில் “இக்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்” என்று தட்டச்சு செய்து, கீழே ஒரு கோடும் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. “அவன் லீவில வரேக்க வைப்பான்தானே” என்று சொல்லி, பெரியம்மா உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

2019இல் வைத்தியத்துக்குக் காசு தேவைப்பட்டது. பக்கத்து வயல்காரருக்கு அதே காணியை அறுதியாக விற்றார். வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் தன் உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டார். 2021இல் பெரியம்மா இறந்தார். அடுத்த வருடம் ஊருக்கு வந்த மகன் பெட்டியைத் திறந்து 2014ஆம் ஆண்டு உறுதியைக் கையில் எடுத்தான்.

காணி யாருக்கு? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது உறுதியின் வடிவம். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்வது இதுதான்: காணியைக் கைமாற்றும் ஆவணம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் அதில் நொத்தாரிசின் முன்னாலும், ஒரே நேரத்தில் கூட இருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னாலும் கையெழுத்திட வேண்டும். “என்ர வயல் உனக்குத்தான்” என்று சபையில் சொன்னதற்கோ, கிராம சேவையாளர் முன் எழுதிய கடிதத்துக்கோ இந்த வலு கிடையாது. நம் பெரியம்மாவின் உறுதி இந்த வகையில் சரியாகவே இருந்தது.

கொடுப்பவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதும் கேள்விதான். இது முதுசக் காணி. அவர் விதவை. ஆகவே முழுதாகக் கொடுக்கலாம். கணவர் உயிரோடு இருந்திருந்தால் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியைக் கொடுக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

இனி ஏற்பு. கதையின் மையம் இதுதான். நம் நாட்டில் நன்கொடைக்கு உரோம-டச்சுச் சட்டத்தின் அடிப்படை இருக்கிறது. கொடுப்பவர் கொடுத்தால் மட்டும் போதாது, பெறுபவர் ஏற்க வேண்டும். ஏற்பு வரும்வரை அது கொடுக்கிறேன் என்ற முன்வைப்பு மட்டுமே. கொடுப்பவர் மனம் மாறலாம். அதே காணியை இன்னொருவருக்கு விற்பதும் மனம் மாறியதற்கு அடையாளம்தான். பொதுவாக ஏற்பு கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நடந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வெற்றாக இருந்த அந்தக் கோடு காணியையே கெடுத்துவிட்டதா? உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏற்பு உறுதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றில்லை. உறுதியைத் தன் கையில் வாங்கி வைத்திருப்பது, காணியில் இறங்கி ஆட்சி செய்வது, உறுதியைத் தானே கொண்டுபோய்ப் பதிவது போன்ற நடத்தைகளிலிருந்தும் ஏற்பை ஊகிக்கலாம். ஆனால் சீவிய உருத்து இருக்கிற உறுதிகளில்தான் இந்த இடத்தில் கை வழுக்குகிறது. வயலை உழுததும் அறுத்ததும் பெரியம்மாதான். அப்படித்தான் உறுதியும் சொல்கிறது. ஆகவே மகனுக்கு ஆட்சியைக் காட்டி ஏற்பை நிரூபிக்க வழியில்லை. உறுதியும் பெரியம்மாவின் பெட்டிக்குள்தான் கிடந்தது.

அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 2014இல் அனுப்பிய குரல் பதிவு: “பெரியம்மா, நீங்கள் எழுதினது சந்தோஷம், நான் ஏற்றுக்கொள்ளுறன்.” பழைய தொலைபேசியில் அது இன்னும் இருந்தால், விற்பனைக்கு முன்னரே ஏற்பு நடந்தது என்று வாதாட அது நல்ல சான்று. அழிந்திருந்தால் அவன் வழக்கு மிக மெலிந்துவிடும்.

சரி, அந்தக் குரல் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்பு நிரூபணமாகிவிட்டது. அப்புறமும் அவன் தோற்கிறான். காரணம் காணிப் பதிவு.

இங்கே பலர் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. நொத்தாரிசு மூன்று பிரதிகள் எழுதுவார். ஒன்று அவரிடம் இருக்கும், மூலப்பிரதி உங்களிடம் வரும், இரண்டாம் பிரதியை அவர் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். “அங்கே ஒரு பிரதி போயிற்றே, பதிந்தாயிற்று” என்று சனம் நினைக்கிறது. அது பதிவு அல்ல. மூலப்பிரதியைப் பதிவகத்தில் கொடுத்து, அந்தக் காணிக்குரிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிந்த உறுதியில் அதற்கான குறிப்பும் திகதியும் இருக்கும். 2014 உறுதியில் அது இல்லை.

1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பதியாத ஆவணம், பின்னால் பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கு எதிராக வலுவற்றது. பக்கத்து வயல்காரர் காசு கொடுத்தார், பதிந்தார். ஆகவே காணி அவருக்கு. அவர் விற்பனையிலோ பதிவிலோ வஞ்சகம் அல்லது கூட்டுச்சதி செய்தார் என்று நிரூபித்தால் மட்டுமே இது மாறும். நன்கொடை உறுதி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் வஞ்சகம் ஆகிவிடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014இலேயே பதிந்திருந்தால் வயல்காரர் முந்த முடியாது. ஆனாலும் பதிவு உறுதியின் குறையைத் திருத்தாது. ஏற்பு இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். மகன் தானே முன்னின்று பதிந்திருந்தால் அந்தச் செயலே ஏற்புக்குச் சான்றாகியிருக்கும். கட்டாரிலுள்ள தூதரகம் மூலம் அற்றோணித் தத்துவம் எழுதி, தாயைக்கொண்டு அந்தக் கோட்டில் கையெழுத்து வைப்பித்திருக்கவும் முடிந்திருக்கும்.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கதையில் வந்தது உறுதிக் காணி. குடியேற்றத் திட்டங்களில் உள்ள பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. பெர்மிற் காணியை நொத்தாரிசிடம் போய் நன்கொடையாக எழுதிவிட முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணிக்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். பெர்மிற்காரர் செய்யக்கூடியது, தனக்குப் பின் உரித்தாளியைப் பிரதேச செயலகத்தில் பெயர் குறிப்பது.

கையில் நன்கொடை உறுதி வைத்திருக்கிற நேயர்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள்: ஏற்றுக்கொள்பவரின் கையெழுத்து இருக்கிறதா, காணிப் பதிவகத்தின் பதிவுக் குறிப்பு இருக்கிறதா. கொடுத்தவர் இன்னும் உயிரோடிருக்கிறார், காணி விற்கப்படவில்லை என்றால், இரண்டையும் இந்த மாதமே சரிசெய்துகொள்ளலாம்.