ஒரு சார்ஜர், ஒரு பேனா, ஒரு நிமிடம்

வணக்கம். இரண்டு நண்பர்கள் நடிக்கும் ஒரு நிமிட நகைச்சுவை வீடியோவுக்கு எப்படி எழுதுவது என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் எனக்கே தூக்கம் வந்துவிடும், அதனால் நான் எழுதிய ஒன்றையே இங்கே பிரித்துப் போடுகிறேன்.

கதை இவ்வளவுதான். பாலுவின் சார்ஜரை சேகர் இரவல் வாங்கி வைத்திருக்கிறான். பாலு அதைத் திருப்பிக் கேட்டு வருகிறான், கையில் இருக்கும் போனில் பேட்டரி 4 சதவீதம். சேகர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சார்ஜர் இருக்கும் இழுப்பறையில் கையை ஊன்றியபடி, அதிகாரி மாதிரி ஒரே ஒரு சொல் கேட்கிறான்: “ஆதாரம்?”

ஆரம்பம் முடிந்தது, எட்டு விநாடி. இருவரும் எப்படி நண்பர்கள், சார்ஜரை எப்போது வாங்கினான் என்றெல்லாம் முதல் பிரதியில் எழுதியிருந்தேன், அத்தனையும் வெட்டினேன். யாருக்கு என்ன வேண்டும், யார் தர மறுக்கிறான், இந்த இரண்டும் புரிந்துவிட்டால் பார்ப்பவருக்குப் போதும். போனில் தெரியும் அந்த 4 சதவீதத்தை மட்டும் வெட்டவில்லை, பாலு ஏன் ஆற அமர வாதாடாமல் சேகர் சொன்னதையெல்லாம் செய்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அப்புறம் நடுப்பகுதி. பெரும்பாலான ஸ்கிரிப்ட் சாகிற இடம் இதுதான், என்னுடையதும் முதலில் செத்தது. சேகர் அடையாளம் கேட்டான், பிறகு கண்ணை மூடி ஜோசியம் சொன்னான், பிறகு பாட ஆரம்பித்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிரிப்புதான், ஆனால் எதுவும் ஏறவில்லை. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நீங்கள் படிக்கட்டு கட்டவில்லை, தரையில் கற்களைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள்.

திருத்தி எழுதியது இது.

பாலு: வெள்ளை கலர்டா, வயர்ல ஒரு கீறல் இருக்கும்.
சேகர்: வாயால யார் வேணாலும் சொல்லலாம். ஆதாரம்?
பாலு: (போனில் தேடி, போட்டோவைக் காட்டி) இந்தா, பாரு! இப்ப 2 பர்சென்ட்தான் இருக்கு.
சேகர்: போட்டோல இருக்கறது இதேதான்னு ஆதாரம்?
பாலு: டேய்!
சேகர்: சரி, எழுதிக் குடு. கீழ கையெழுத்து.

பேச்சு செல்லவில்லை, அதனால் படம். படமும் செல்லவில்லை, அதனால் எழுத்து. இதில் எதையும் இடம் மாற்ற முடியாது. அதோடு, ஆதாரம் தேடத் தேட பேட்டரியும் இறங்குகிறது, அதாவது சேகர் சொன்னபடி நடக்க நடக்க பாலுவின் நிலைமை மோசமாகிறது. சேகர் கடைசிவரை சிரிக்கக் கூடாது, குரலையும் உயர்த்தக் கூடாது. இரண்டு பேரும் கத்தினால் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இப்போது முடிவு. கையெழுத்துப் போட பாலு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறான். சேகரின் முகம் மாறுகிறது. “டேய், அது என் பேனா!” பாலு நிதானமாக நிமிர்ந்து பார்க்கிறான்.

பாலு: ஆதாரம்?

இந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எனக்கு நான்கு முறை ஆனது. முதலில் எழுதியது, “இது உன்னோட பேனாதான்னு நிரூபிக்க உன்கிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?” பாதியிலேயே, “நிரூபிக்க” வரும்போதே, பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். மீதிப் பாதி முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். ஒற்றைச் சொல்லாகச் சுருக்க முடிந்ததற்குக் காரணம், சேகர் அதே சொல்லை அதே தொனியில் முன்பே மூன்று முறை கேட்டிருக்கிறான்.

பேனா திடீரென்று முளைக்கவும் கூடாது. முதல் ஷாட்டிலிருந்தே அது பாலுவின் பையில் தெரிய வேண்டும், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நாங்கள் இதில் ஒரு தடவை அடி வாங்கினோம். செங்குத்துத் திரையில் நெஞ்சுவரைதான் சட்டகம் வைத்திருந்தோம், கீழே ஓடிய வசன எழுத்து சரியாகப் பையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பேனா இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. போட்டுக் காட்டிய இடத்தில் இரண்டு பேர் “பேனா எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்கள். கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பை நடுத்திரையில் வரும்படி மறுபடி எடுத்தோம்.

இன்னொருவர் கேட்டது, கடைசியில் பாலுவுக்கு சார்ஜர் கிடைத்ததா என்று. அதையும் எடுத்து வைத்திருந்தோம், எட்டு விநாடி, இருவரும் பொருளை மாற்றிக்கொண்டு தோளில் கை போட்டு நடக்கிறார்கள். நன்றாகத்தான் நடித்திருந்தார்கள், பாவம். “ஆதாரம்?” முடிந்து சேகரின் முகம் ஒரு விநாடி, அதோடு வெட்டிவிட்டேன்.